மேனேஜர் பதவியை விட்டு, அதே கம்பெனியில் தொடர ஒரு கடிதம்

அமெரிக்காவின் ஹாஷிகார்ப் நிறுவனத்தை 2012-இல் தொடங்கிய இருவரில் ஒருவர் மிட்செல் ஹாஷிமோட்டோ. டெராஃபார்ம், வால்ட் என்று கிளவுட் சர்வர்களைக் கையாள்பவர்கள் அன்றாடம் பயன்படுத்தும் மென்பொருள்கள் அங்கிருந்து வந்தவை. ஆரம்பத்தில் அவர்தான் சி.இ.ஓ. 2016-இல் வெளியிலிருந்து ஒருவரை அந்தப் பதவிக்குக் கொண்டுவந்துவிட்டு, தன் கூட்டாளியுடன் சேர்ந்து தொழில்நுட்பத் தலைவர் பொறுப்புக்கு நகர்ந்தார். 2021 ஜூலையில் ஊழியர்கள் அனைவருக்கும் ஒரு கடிதம் எழுதினார். தலைமைக் குழுவிலிருந்து விலகுகிறேன், இனிமேல் முழுநேரமும் புரோகிராம் எழுதும் பொறியாளராக இதே கம்பெனியில் இருப்பேன் என்பது அதன் சாரம். அந்த வருட டிசம்பரில் கம்பெனி பங்குச்சந்தைக்கு வந்தது. அப்போதும் அவர் தனக்குக் கீழே ஆள் இல்லாத பொறியாளர்தான். 2023 டிசம்பரில்தான் கம்பெனியை விட்டே போனார்.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் உண்டு. சோஹோவின் ஸ்ரீதர் வேம்பு 2025 ஜனவரியில் சி.இ.ஓ. பொறுப்பை சைலேஷ் குமார் டேவியிடம் ஒப்படைத்துவிட்டு, ஆராய்ச்சிப் பணிகளைக் கவனிக்கும் தலைமை விஞ்ஞானி ஆனார்.

இவர்கள் இருவரும் நிறுவனர்கள். அவர்கள் அறிவித்தால் போதும். மாதச் சம்பளத்துக்கு வேலை செய்யும் ஒரு மேனேஜரால் அப்படி அறிவிக்க முடியாது, கேட்கத்தான் வேண்டும். அந்தக் கேள்வி வைஸ் பிரசிடென்ட், டெலிவரி ஹெட், எச்.ஆர். என்று பல மேசைகளைத் தாண்டியாக வேண்டும். நல்ல பொறியாளர்கள் பலர் இந்த இடத்தில்தான் தடுமாறுகிறார்கள். மனதில் தெளிவாக இருப்பது கடிதத்தில் மன்னிப்புக் கடிதமாகவோ ராஜினாமாவாகவோ மாறிவிடுகிறது.

மேலிடம் இதை எப்படிப் படிக்கிறது என்று முதலில் பார்ப்போம். ஆட்களை நிர்வகிக்காமல் தன் கைவேலையால் பங்களிப்பவரை ஐ.டி. துறையில் 'ஐ.சி.' என்கிறார்கள். இண்டிவிஜுவல் கான்ட்ரிபியூட்டர் என்பதன் சுருக்கம். நிர்வாகத்துக்குப் போகாமலே தொழில்நுட்பத்தில் உயரப் போகலாம் என்பது புதிய யோசனை அல்ல. ஐ.பி.எம். 1960-களிலேயே 'ஃபெல்லோ' என்ற உயர் பதவியைத் தன் தொழில்நுட்ப வல்லுநர்களுக்காக உருவாக்கியது. இன்று பெரிய கம்பெனிகள் பலவற்றில் ஆர்க்கிடெக்ட், பிரின்சிபல் இன்ஜினியர் என்று அந்தப் பாதை எழுத்தில் இருக்கிறது. ஆனால் எழுத்தில் இருக்கும் பதவிக்கும் காலியாக இருக்கும் இடத்துக்கும் தூரம் அதிகம்.

வெளிநாட்டு வாடிக்கையாளருக்கு வேலை செய்துகொடுக்கும் சர்வீஸ் கம்பெனியில் ஒவ்வொருவரின் சம்பளமும் ஏதோ ஒரு புராஜெக்டின் பில்லில் ஏறியாக வேண்டும். பதினைந்து வருட அனுபவக்காரரின் சம்பளம் பெரிது. அவரைச் சாதாரண டெவலப்பர் இடத்தில் போட்டால் வாடிக்கையாளர் தரும் ரேட் அவர் சம்பளத்துக்குக் கட்டுப்படியாகாது. எங்கும் போடாவிட்டால் அவர் பெஞ்சில் உட்கார்வார். ஆகவே, 'எனக்கு மேனேஜர் வேலை வேண்டாம், டெக்னிக்கலுக்குத் திரும்புகிறேன்' என்று மட்டும் எழுதினால், படிப்பவர் மனதில் எழுவது உங்கள் மன உளைச்சல் பற்றிய கேள்வி அல்ல. இவர் சம்பளத்தை எந்த புராஜெக்டில் ஏற்றுவது, இவர் குழுவை யார் பார்ப்பது என்ற இரண்டு கேள்விகள்தான். இரண்டுக்கும் கடிதத்திலேயே பதில் இருந்தால் அது ஒரு திட்டம். இல்லாவிட்டால் அவர் மேசையில் நீங்கள் வைத்த ஒரு பிரச்சினை.

ஓர் உதாரணத்தை முழுதாகப் பார்க்கலாம். இது கற்பனை, ஆனால் பழைய மகாபலிபுரம் சாலையில் இப்படிப்பட்டவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். ஒரு பெண் மேனேஜர். கம்பெனியில் பதினோரு வருடம். கடைசி மூன்று வருடமாக ஒன்பது பேர் குழுவை நடத்துகிறார். ஒரு வங்கியின் பணப்பரிமாற்றங்களை இரவோடு இரவாகச் சரிபார்க்கும் மென்பொருள் அவர்கள் பொறுப்பு. இரவு பதினொரு மணிக்குத் தொடங்கும் பேட்ச் ஜாப், காலையில் கிளைகள் திறப்பதற்குள் முடிந்தாக வேண்டும். பரிமாற்றங்கள் கூடக்கூட, முடியும் நேரம் தள்ளிக்கொண்டே போகிறது. அந்த ஜாப்பின் ஆதிப் பகுதிகளை எழுதியவர் இவர்தான். இப்போது அதைத் தொட நேரமில்லை. காலையில் ஸ்டேட்டஸ் கால், மதியம் நேர்காணல், மாலையில் வாடிக்கையாளருடன் எஸ்கலேஷன் கால், நடுவில் யாருக்கு லீவு, யாருக்கு ஷிப்ட் என்ற பஞ்சாயத்து.

இவர் உணர்ச்சிவேகத்தில் எழுதும் முதல் வரைவு பெரும்பாலும் இப்படி இருக்கும்: 'கடந்த சில மாதங்களாக இந்தப் பொறுப்பு எனக்குப் பொருந்தவில்லை என்று உணர்கிறேன். எதிர்பார்த்த அளவுக்கு என்னால் செயல்பட முடியவில்லை. எனவே மேனேஜர் பொறுப்பிலிருந்து விடுவித்து, ஏதாவது ஒரு டெக்னிக்கல் பணி தரும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.'

மூன்று வாக்கியங்களும் அவருக்கு எதிராகவே வேலை செய்கின்றன. செயல்பட முடியவில்லை என்பது அவரே எழுதித் தந்த வாக்குமூலம். அடுத்த அப்ரைசலில் ரேட்டிங்கைக் குறைக்க வேறு ஆதாரம் தேவையில்லை. 'ஏதாவது ஒரு பணி' என்றால் அந்த வாரம் எந்த இடம் காலியோ அது கிடைக்கும். எப்போது விடுவிப்பது என்று தேதி இல்லாததால், மாற்று ஆள் கிடைக்கும்வரை என்ற பதில் வரும். அந்த 'வரை' ஒரு வருடம்கூட நீளும்.

அதே செய்தியை அவர் இப்படி எழுதலாம். அலுவலகத்தில் இது ஆங்கிலத்தில்தான் போகும். விஷயம் இது:

'வணக்கம். சென்ற வாரம் நாம் பேசியதை எழுத்தில் வைக்கிறேன். மே 1 முதல் குழுப் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, இதே கணக்கில் ஆர்க்கிடெக்டாகத் தொடர விரும்புகிறேன். இரவு நேரச் சரிபார்ப்பு ஜாப் இப்போது காலை ஐந்து மணிக்கு முடிகிறது. போன வருடம் மூன்றரைக்கு முடிந்தது. இப்படியே போனால் வங்கிக்கு நாம் உறுதி அளித்த ஆறு மணி வரம்பை இந்த வருடத்துக்குள் தொட்டுவிடுவோம். அதைப் பிரித்து, ஒரே நேரத்தில் பல பகுதிகளாக ஓடும்படி மாற்றி எழுதும் வேலைக்கு வங்கி ஏற்கெனவே ஒரு சீனியர் இடம் கேட்டிருக்கிறது. அந்த இடத்துக்கு என்னைப் பரிசீலிக்க வேண்டுகிறேன். குழுவின் டெக் லீட் கடந்த இரண்டு காலாண்டுகளாக ஸ்பிரின்ட் திட்டமிடலையும் வாராந்திர வாடிக்கையாளர் கூட்டத்தையும் தனியாக நடத்திவருகிறார். மேனேஜர் பொறுப்பில் அவருக்கு விருப்பம் இருக்கிறது. நீங்கள் சம்மதித்தால் மார்ச் முதல் என்னோடு இணைந்து பார்ப்பார். மார்ச் 31-இல் முடியும் ஆண்டுக்கான ஒன்பது பேரின் அப்ரைசலையும் நானே எழுதி முடித்துவிட்டுத்தான் ஒப்படைப்பேன். என்னுடைய பேண்ட், சம்பள அமைப்பு பற்றி எச்.ஆருடன் தனியே பேச நேரம் ஒதுக்கித் தரக் கேட்டுக்கொள்கிறேன்.'

இதில் தன்னைப் பற்றிய புலம்பலும் இல்லை, கம்பெனியைப் பற்றிய குறையும் இல்லை. ஏன் இந்த முடிவு என்பதற்குக் கூட்டங்களையும் களைப்பையும் அவர் காரணமாகச் சொல்லவில்லை. செய்யப்படாமல் கிடக்கும் ஒரு வேலையையும், அதைச் செய்யத் தன்னால் முடியும் என்பதையும்தான் சொல்கிறார். களைப்பு பொய் அல்ல. அதை நேரில் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். ஆனால் ஃபார்வர்ட் ஆகிக்கொண்டே போகும் ஒரு மெயிலில் அது இருந்தால், உங்களை அறியாத நான்காவது ஆள் அதை மட்டுமே படிப்பார்.

அப்ரைசல் பற்றிய வரியைக் குறிப்பாகச் சொல்ல வேண்டும். குழுவில் உள்ளவர்களுக்கு மேனேஜர் மாறுவதில் வரும் மிகப் பெரிய நஷ்டம் இதுதான். பத்து மாதம் உழைத்ததைப் பார்த்தவர் போய்விடுவார், பார்க்காதவர் ரேட்டிங் போடுவார். இறங்கும் மேனேஜர் இதை முடித்துக் கொடுத்துவிட்டு இறங்குவதை நான் அடிப்படைக் கடமை என்றே நினைக்கிறேன். பிப்ரவரியில் கடிதம், மே மாதத்தில் மாற்றம் என்ற கணக்கு அதனால்தான்.

கடிதத்தின் முதல் வரி 'சென்ற வாரம் நாம் பேசியதை' என்று தொடங்குவதும் தற்செயல் அல்ல. நேரடி மேலதிகாரிக்கு இது மெயிலில் முதன்முதலாகத் தெரியக் கூடாது. அவரைத் தாண்டி அவருடைய மேலதிகாரிக்கு எழுதுவது இன்னும் மோசம். முதலில் அவரிடம் அரைமணி நேரம் பேசி, எதிர்ப்பு எங்கே என்று தெரிந்துகொண்டு, அதற்கான பதிலோடு கடிதம் எழுதுவதே முறை. கடிதம் வாதாடுவதற்கல்ல. பேசி ஏறக்குறைய முடிந்ததைப் பதிவு செய்வதற்கு. டெக் லீடிடமும் கடிதம் போவதற்கு முன்பே, மேலதிகாரிக்குத் தெரிந்தே பேசியிருக்க வேண்டும். தனக்கு மேனேஜர் பதவி வருகிறது என்பதை ஒருவர் கேண்டீனில் கேள்விப்பட்டால், வேண்டாம் என்றுகூடச் சொல்லிவிடுவார்.

இன்னொரு எச்சரிக்கை. எச்.ஆர். மென்பொருளில் போய் 'ரெசிக்னேஷன்' என்ற பட்டனை அழுத்திவிடாதீர்கள். பொறுப்பிலிருந்து விலகுவதற்கான வழி அது என்று நினைப்பவர்கள் உண்டு. அது வேலையையே விடுவதற்கான பட்டன். அழுத்தியதும் நோட்டீஸ் காலம் ஓடத் தொடங்கிவிடும், ஐ.டி. பிரிவுக்கு லேப்டாப் திரும்பப் பெறும் தகவல் போய்விடும். கடிதத்தில்கூட ராஜினாமா என்ற சொல்லைத் தவிர்ப்பதே நல்லது. பொறுப்பு மாற்றம் என்று எழுதினால் போதும்.

அடுத்தது பணம். இதைப் பேசக் கூச்சப்படுகிறவர்கள்தான் பின்னால் வருந்துகிறார்கள். இறங்கினால் சம்பளம் குறைந்தாக வேண்டும் என்று சட்டம் எதுவும் இல்லை. அந்தக் கம்பெனியில் மேனேஜர் பேண்டுக்கு இணையான டெக்னிக்கல் பேண்ட் இருந்தால் பக்கவாட்டில் நகர்ந்துவிடலாம். இல்லாவிட்டால் ஒரு படி இறங்க வேண்டியிருக்கும். அப்போது மாத வருமானத்தை மட்டும் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடக் கூடாது. காரணம், கிராஜுவிட்டி.

கிராஜுவிட்டி, கடைசியாக வாங்கிய மாத ஊதியத்தை வைத்துத்தான் கணக்கிடப்படுகிறது. அந்த ஊதியத்தை 26-ஆல் வகுத்து, 15-ஆல் பெருக்கி, சர்வீஸ் வருடங்களால் பெருக்க வேண்டும். நம் மேனேஜருக்குக் கிராஜுவிட்டிக் கணக்கில் வரும் மாத ஊதியம் 90,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். பதினோரு வருடத்துக்கு ஏறத்தாழ 5,71,000 ரூபாய் சேர்ந்திருக்கிறது. புதிய பதவியில் அந்த ஊதியம் 75,000 ஆகக் குறைந்தால், அதே பதினோரு வருடத்துக்கு ஏறத்தாழ 4,76,000 ரூபாய்தான். குறைந்த சம்பளம் இனி வரும் வருடங்களுக்கு மட்டும் பொருந்தும் என்று நாம் நினைப்போம். ஆனால் உழைத்து முடித்துவிட்ட பழைய வருடங்களையும் அது பின்னால் போய்த் தொடுகிறது. ஆகவே மொத்தத் தொகை குறைந்தே தீரும் என்றால், குறைப்பை போனஸ் போன்ற வேரியபிள் பகுதியில் வைத்துக்கொண்டு அடிப்படை ஊதியத்தைத் தொடாமல் விட முடியுமா என்று கேட்க வேண்டும். மேனேஜர்களின் சம்பளத்தில் வேரியபிள் பகுதி பொதுவாகப் பெரிதாக இருப்பதால், பல இடங்களில் இதற்கு வழி இருக்கும்.

பேசி முடிந்ததை எல்லாம் ஒரு திருத்தப்பட்ட நியமனக் கடிதமாக வாங்கிக்கொள்ள வேண்டும். புதிய பதவிப் பெயர், பேண்ட், சம்பள விவரம், யாருக்கு ரிப்போர்ட் செய்வது, எந்தத் தேதியிலிருந்து, சர்வீஸ் தொடர்ச்சி பாதிக்கப்படவில்லை என்ற ஒரு வரி. கம்பெனிப் பங்குகள் ஒதுக்கப்பட்டிருந்தால் அவை பழைய அட்டவணைப்படியே தொடரும் என்பதையும் எழுத்தில் கேளுங்கள். வாய்வார்த்தையாகச் சொன்ன வைஸ் பிரசிடென்ட் ஆறு மாதத்தில் வேறு கம்பெனிக்குப் போய்விடலாம்.

நேரடியாக மறுப்பவர்கள் குறைவு. வருவது பெரும்பாலும் மாற்று யோசனைகள். 'ஒன்பது பேர் அதிகமாக இருக்கிறதா? நான்கு பேரை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்' என்பார்கள். 'பத்து நாள் லீவு எடுத்துவிட்டு வாருங்கள், பேசலாம்' என்பார்கள். 'மேனேஜர் பெயர் அப்படியே இருக்கட்டும், பாதி நேரம் டெக்னிக்கல் வேலை பாருங்கள்' என்பார்கள். இந்த மூன்றாவது யோசனைதான் ஆபத்து. கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் ஆட்களைப் பற்றிய வேலை எப்போதும் அவசரம், புரோகிராம் எழுதும் வேலை எப்போதும் நாளைக்குத் தள்ளக் கூடியது. ஒருவர் அழுதுகொண்டு வந்து நிற்கும்போது கோடு எழுதிக்கொண்டிருக்க யாராலும் முடியாது. அந்தப் பாதி நேரம் சில வாரங்களில் இரவு நேரமாகிவிடும். லீவு யோசனையை மட்டும் நேர்மையாக யோசித்துப் பார்க்கலாம். பத்து நாள் கழித்து வந்த பிறகும் அதே ஆசை இருக்கிறதா? அந்தக் குறிப்பிட்ட மேலதிகாரியோடுதான் பிரச்சினை என்றால், பதவி இறங்குவது தீர்வல்ல, குழு மாறுவதுதான் தீர்வு. கை பழகியிருக்கிறதா என்றும் கடிதம் எழுதுவதற்கு முன்பே பார்த்துவிட வேண்டும். நம் மேனேஜர் இரண்டு வார இறுதிகளில் அந்த பேட்ச் ஜாப்பின் ஒரு சிறு பகுதியைத் தானே மாற்றி எழுதி, டெஸ்ட் சூழலில் ஓட்டிப் பார்த்திருந்தால், ஆர்க்கிடெக்ட் இடத்தைக் கேட்கும்போது அவர் குரலே வேறாக இருக்கும்.

மாற்றம் நடந்த பிறகு என்ன கெடும்? கெடுவது சத்தமில்லாமல் கெடும். முதல் அறிகுறி எச்.ஆர். மென்பொருளில் தெரியும். மே மாதம் மூன்றாவது வாரத்திலும் பழைய குழுவினரின் லீவு விண்ணப்பங்கள் உங்கள் அப்ரூவலுக்கு வந்துகொண்டிருந்தால், ரிப்போர்ட்டிங் மாற்றப்படவில்லை என்று அர்த்தம். காகிதத்தில் நீங்கள் இன்னும் மேனேஜர். இரண்டாவது அறிகுறி, வாடிக்கையாளர் இன்னமும் உங்களையே அழைப்பது. அதற்குப் பதில் சொல்லாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. புதிய மேனேஜரையும் அந்த அழைப்பில் சேர்த்து, பதிலை அவர் வாயால் சொல்லவைக்க வேண்டும். மூன்றாவது, பழைய குழுவில் யாராவது புதிய மேனேஜரைப் பற்றி உங்களிடம் புகார் சொல்வது. அனுதாபத்தோடு கேட்டுக்கொண்டாலே நீங்கள் நிழல் மேனேஜர் ஆகிவிட்டீர்கள். 'இதை அவரிடமே சொல்லுங்கள்' என்பது கடினமான பதில், ஆனால் அது ஒன்றுதான் அவரை மேனேஜராக நிற்க விடும். நேற்றுவரை உங்களுக்குக் கீழே இருந்தவர் இன்று உங்கள் அப்ரைசலை எழுதுவார் என்றால் இருவருக்குமே அது சங்கடம். ஆர்க்கிடெக்ட் பதவி வேறொரு மேலதிகாரிக்கு ரிப்போர்ட் செய்யும்படி ஆரம்பத்திலேயே கேட்டுக்கொள்வது அதற்காகத்தான்.

குழுவுக்குச் சொல்லும் அறிவிப்பும் முக்கியம். அதை மேலதிகாரி அனுப்பட்டும், ஆனால் முதல் வரைவை நீங்களே எழுதிக் கொடுங்கள். யார் புதிய மேனேஜர், எந்தத் தேதியிலிருந்து, நீங்கள் என்ன வேலை செய்யப்போகிறீர்கள், இது உங்கள் சொந்த முடிவு என்ற நான்கு செய்திகள் இருந்தால் போதும். கடைசிச் செய்தி விடுபட்டால், மேடம் தூக்கப்பட்டுவிட்டார் என்ற வதந்தி மாலை டீ நேரத்துக்குள் அடுத்த மாடியை எட்டியிருக்கும்.

இப்படி ஒரு கடிதத்தைப் பெறும் தலைமைப் பொறுப்பில் உள்ளவர்களிடம் ஒரு வேண்டுகோள். இரண்டு வாரத்துக்குள் தேதியோடு எழுத்தில் பதில் கொடுங்கள், அது மறுப்பாக இருந்தாலும் சரி. பதில் வராமல் காத்திருக்கும் மேனேஜர் பெரும்பாலும் வேறு கம்பெனியில் நேர்காணலுக்குப் போவார். அவர் போனால், அந்த பேட்ச் ஜாப்பை அறிந்த ஒரே ஆளையும் அவரோடு சேர்த்து இழப்பீர்கள்.